40 லட்சம் எங்கே போனது: நவம்பர் விற்பனைக் குறிப்பை மேலாளருக்கு எழுதும் விதம்

கேள்வி: சார், மண்டபத்தில் ஒரு கடல் உணவுக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நவம்பர் இலக்கு 200 லட்சம், விற்றது 159.6 லட்சம். "புயல் எச்சரிக்கை, கார்த்திகை மாதம், ஏற்றுமதி மந்தம் ஆகிய காரணங்களால் விற்பனை 20.2% குறைந்தது" என்று எழுதி நிதி மேலாளருக்கு அனுப்பினேன். "இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பொருள்வாரித் தாளை இணைத்திருக்கிறேன். சுருக்கமாக, சரியாக எப்படி எழுதுவது?

பதில்:

உங்கள் தாளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீங்கள் எழுதிய மூன்று காரணங்களில் புயல் எச்சரிக்கை மட்டும்தான் நிற்கிறது, அதுவும் நண்டுக்கு மட்டும். ஏற்றுமதி மந்தமாக இல்லை. கார்த்திகையால் விலை விழுந்ததற்கும் தாளில் அடையாளம் இல்லை. துண்டு விழுந்த 40.4 லட்சத்தில் 32 லட்சம் உண்மையில் போகவே இல்லை, கப்பலில் இருக்கிறது. மேலாளர் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. காரணம் மூன்று எழுதியிருக்கிறீர்கள், எந்தக் காரணத்துக்கு எத்தனை ரூபாய் என்று ஒன்றுக்குக்கூட எழுதவில்லை.

முதலில் தாளில் இருப்பதை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வோம். கணவாய் இலக்கு 20 டன், கிலோ 400 ரூபாய், ஆக 80 லட்சம். விற்றது 10 டன், 420 ரூபாய், 42 லட்சம். நண்டு இலக்கு 15 டன், 500 ரூபாய், 75 லட்சம். விற்றது 13 டன், 560 ரூபாய், 72.8 லட்சம். உள்ளூர் மீன் இலக்கு 30 டன், சராசரி 150 ரூபாய், 45 லட்சம். விற்றது 32 டன், சராசரி 140 ரூபாய், 44.8 லட்சம்.

ஒவ்வொரு பொருளின் வித்தியாசத்தையும் அளவால் வந்தது, விலையால் வந்தது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். எக்செல்லில் B பத்தியில் இலக்குக் கிலோ, C-யில் இலக்கு விலை, D-யில் விற்ற கிலோ, E-யில் விற்ற விலை என்று வைத்தால் இரண்டே சூத்திரம் போதும். முதல் வரி அளவுக்கு, இரண்டாவது விலைக்கு:

```
=(D2-B2)*C2
=(E2-C2)*D2
```

அளவு வித்தியாசத்தை இலக்கு விலையால் பெருக்குகிறோம், விலை வித்தியாசத்தை விற்ற அளவால் பெருக்குகிறோம். இந்த ஜோடியை மாற்றாதீர்கள். இரண்டையுமே இலக்கு அளவால், இலக்கு விலையால் போட்டால் கூட்டும்போது கொஞ்சம் இடிக்கும். உங்கள் நண்டுக் கணக்கில் அப்படிப் போட்டால் 1.2 லட்சம் உதைக்கும். அதைத் தேடி ஒரு சாயங்காலம் போய்விடும்.

இப்படிப் பிரித்தால் கணவாயில் அளவால் 40 லட்சம் குறைவு, விலையால் 2 லட்சம் கூடுதல். நண்டில் அளவால் 10 லட்சம் குறைவு, விலையால் 7.8 லட்சம் கூடுதல். மீனில் அளவால் 3 லட்சம் கூடுதல், விலையால் 3.2 லட்சம் குறைவு. எல்லாவற்றையும் கூட்டினால் 40.4 லட்சம் குறைவு, சரியாக வருகிறது. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு இதையே குறிப்பாக எழுதி அனுப்புவார்கள். கணக்காகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் சூத்திரம் சொல்வது எங்கே என்பதை மட்டும்தான், ஏன் என்பதற்கு ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய எண்ணிலிருந்து தொடங்குவோம்.

கணவாயில் 10 டன் குறைந்திருக்கிறது. மாதத்துக்கு 10 டன் வீதம் இரண்டு கன்டெய்னர் என்பது இலக்கு. முதல் கன்டெய்னர் போய்விட்டது. இரண்டாவதைப் பற்றி உங்கள் தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது: "8 டன், சீல் வைத்தது நவ. 29, தூத்துக்குடி, கப்பல் டிச. 2". மொத்தக் கதையும் அந்த ஓரக் குறிப்பில்தான் இருக்கிறது, நீங்கள் அதை மேலாளருக்குச் சொல்லவே இல்லை.

உங்கள் ஒப்பந்தம் எஃப்.ஓ.பி. என்று தாளில் இருக்கிறது. அந்த நிபந்தனையில் சரக்கு கப்பலில் ஏறும்போதுதான் பொறுப்பு வாங்குபவருக்கு மாறுகிறது. அதனால் விற்பனையாகப் பதிவதற்கு நீங்கள் பார்க்க வேண்டியது சரக்கு ஏறியதைச் சொல்லும் பில் ஆஃப் லேடிங் தேதியை. இன்வாய்ஸ் போட்ட தேதியோ கன்டெய்னர் கேட்டைத் தாண்டிய தேதியோ அதற்கு உதவாது. 29-ஆம் தேதி இன்வாய்ஸ் போட்டிருந்தாலும் டிசம்பர் 2-இல் ஏறிய சரக்கு டிசம்பர் விற்பனைதான். நீங்கள் அதை நவம்பரில் காட்டாதது சரி. "29-ஆம் தேதியே பில் போட்டாச்சே, நவம்பரில் சேர்த்துவிடுங்கள்" என்று விற்பனைப் பிரிவில் யாராவது சொல்லுவார்கள், இசையாதீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. இன்வாய்ஸ் தேதி நவம்பர் என்பதால் நவம்பர் ஜிஎஸ்டிஆர்-1-இல் அந்தத் தொகை வந்திருக்கும். ரிட்டர்னையும் உங்கள் விற்பனைக் கணக்கையும் ஒப்பிடுகிற மேலாளர் அந்த வித்தியாசம் என்னவென்று கேட்பார். கேட்பதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

ஆக 10 டன்னில் 8 டன் தள்ளிப்போனது, 2 டன் உண்மையிலேயே இல்லாமல் போனது. 400 ரூபாய் வீதம் 32 லட்சமும் 8 லட்சமும். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது. முதலாவது அடுத்த மாதம் வந்துவிடும், இரண்டாவது வராது. மேலாளர் வங்கியில் எவ்வளவு வரம்பு கேட்பது, மீன் ஏஜென்ட்டுகளுக்கு எப்போது பணம் கொடுப்பது என்று முடிவெடுப்பது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

ஆனால் "தள்ளிப்போனது" என்று எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும். எல்லாக் குறைவையும் அடுத்த மாதத்தின் தலையில் கட்டுவது விற்பனைப் பிரிவின் பழைய பழக்கம். நான் மூன்று விஷயங்களைக் கேட்பேன். மாதக் கடைசி நாளில் அந்த ஆர்டர் உயிரோடு இருந்ததா, சரக்கு அன்றைக்கே பேக் ஆகித் தயாராக இருந்ததா, அதற்கப்புறம் கப்பல் ஏறிய தேதி காகிதத்தில் இருக்கிறதா. மூன்றும் இருந்தால் அது தள்ளிப்போனதுதான். ஆர்டர் இருந்து சரக்கு இல்லை என்றால் அது இழப்பு. பின்னால் அதே ஆளுக்கு விற்றாலும் நவம்பருக்கு அது இழப்புதான், ஏனென்றால் டிசம்பரில் பிடிக்கும் கணவாயை எடுத்து நவம்பர் ஓட்டையை அடைக்கிறீர்கள். அந்த 2 டன்னை இந்த வகையில்தான் சேர்த்திருக்கிறேன். கன்டெய்னரை மூடிய அன்று குளிர்கிடங்கில் அந்தத் தரத்தில் சரக்கு இல்லை என்று ஸ்டாக் தாள் சொல்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் பாருங்கள், நிறையப் பேர் விட்டுவிடுகிற இடம் இது. அக்டோபர் கடைசியில் சீல் வைத்து நவம்பர் முதல் வாரத்தில் ஏறிய கன்டெய்னர் ஏதாவது உண்டா? அப்படி ஒன்று இருந்தால் அது நவம்பர் விற்பனைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். ஒன்று உள்ளே வந்து ஒன்று வெளியே போனால் தள்ளிப்போன தொகை பெரும்பாலும் கழிந்துவிடும், 32 லட்சம் என்று நீங்கள் சொல்வது பாதி உண்மைதான் ஆகும். உங்கள் தாளில் நவம்பரின் ஒரே கன்டெய்னர் 14-ஆம் தேதி ஏறியிருக்கிறது, நவம்பரில் பேக் ஆன சரக்கு. அதனால் இந்த மாதம் அந்தக் கவலை இல்லை.

கடைசியாக ஒரு நுணுக்கம். நவம்பர் வித்தியாசத்தில் அந்த 8 டன்னின் மதிப்பு இலக்கு விலையில் 32 லட்சம். டிசம்பரில் பதிவாகும்போது, ஏறிய நாளில் டாலர் விகிதம் மாறாமல் இருந்தால், 420 வீதம் 33.6 லட்சமாக வரும். குறிப்பில் இரண்டு எண்ணும் வரும், இரண்டும் சரி. எது எந்த விலையில் என்று சொல்லாமல் விட்டால் 1.6 லட்சம் எங்கிருந்து வந்தது என்று ஒரு மெயில் வரும்.

கணவாய் விலை கிலோவுக்கு 20 ரூபாய் ஏறியதைப் பார்த்து விற்பனைப் பிரிவு மார் தட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. தாளில் டாலர் விலை இலக்கிலும் 5, விற்றதிலும் 5. இலக்குப் போட்டபோது டாலருக்கு 80 ரூபாய் என்று வைத்திருக்கிறீர்கள், விற்பனை பதிவான நாளில் 84. ஆக 2 லட்சமும் மாற்று விகிதம் தந்தது. அதை "விலை உயர்வு" என்று எழுதாமல் "மாற்று விகிதம்" என்றே எழுதுங்கள். கணக்கியல் தரநிலை 11-இன்படி விற்பனை பதிவாவது பரிவர்த்தனை நாளின் விகிதத்தில். அதற்கப்புறம் பணம் வரும் நாளில் விகிதம் மாறியிருந்தால் அந்த லாபமோ நஷ்டமோ மாற்று விகிதக் கணக்குக்குப் போகும், விற்பனைக்குள் வராது. இதைக் கலந்துவிட்டால் வாங்குபவர் பணம் தாமதமாக அனுப்பிய மாதமெல்லாம் உங்கள் விற்பனை விலை ஏறியது மாதிரி தெரியும்.

அடுத்தது நண்டு. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், ஏனென்றால் நம் கடற்கரையில் அளவைத் தீர்மானிப்பது கடலுக்குப் போன நாள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை இருக்கிறது. அதற்கு மேல் புயல் எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடும், பாம்பனில் கூண்டு ஏறிவிடும். வேலைநிறுத்தம் வந்தால் அது தனி. விற்கும் திறமை எவ்வளவு இருந்தாலும் கரைக்கு வராத நண்டை யாரும் விற்க முடியாது.

அதனால் நண்டின் அளவு வித்தியாசத்தை இன்னும் ஒரு படி உடைக்கலாம். உங்கள் இலக்கின் அடியில் 15 கொள்முதல் நாள், நாளைக்கு ஒரு டன் என்ற ஊகம் இருக்கிறது. நவம்பரில் உண்மையில் நண்டு வந்த நாள் 11. இதற்கு வேறு யாரையும் கேட்க வேண்டாம், உங்கள் கொள்முதல் ரிஜிஸ்டரில் நண்டு எடை பதிந்த தேதிகளை எண்ணினால் போதும். 4 நாள் போனதால் 4 டன், அதாவது 20 லட்சம் குறைவு. ஆனால் மொத்தக் குறைவு 10 லட்சம்தான். மீதி 10 லட்சத்தை யாரோ ஈடுகட்டியிருக்கிறார்கள். 11 நாளில் 13 டன் என்றால் நாளைக்குச் சுமார் 1.18 டன். ரிஜிஸ்டரைப் பார்த்தால் காரணமும் தெரிகிறது, நவம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து தேவிபட்டினத்தில் புதிதாக ஒரு ஏஜென்ட்டிடம் எடுக்கிறீர்கள்.

பாருங்கள், "புயல் எச்சரிக்கையால் நண்டு 10 லட்சம் குறைந்தது" என்று எழுதியிருந்தால் இந்தச் செய்தி புதைந்துபோயிருக்கும். புயல் எடுத்தது 20 லட்சம், தேவிபட்டினம் கொடுத்தது 10 லட்சம். முதலாவது வானிலை, நம் கையில் இல்லை. இரண்டாவது கம்பெனி எடுத்த முடிவு, அதைத் தொடரலாமா என்று மேலாளர் யோசிக்க வேண்டியது.

ஆனால் நாள் கணக்கை எல்லாப் பொருளுக்கும் நீட்டாதீர்கள். நண்டு வந்த அன்றோ மறுநாளோ நண்டுக் கம்பெனிக்குப் போய்விடுகிறது, அதனால் கடலுக்குப் போன நாளும் விற்பனையும் கூடவே நடக்கும். உறைய வைத்த கணவாய் அப்படி இல்லை. நவம்பரில் விற்ற கணவாயில் ஒரு பகுதி அக்டோபரில் வாங்கியதாக இருக்கலாம். அங்கே நாள் குறைந்ததன் விளைவு பிந்தித்தான் தெரியும். கணவாய்க்கு மேலாளரிடம் சொல்ல வேண்டியது குளிர்கிடங்கில் மாதக் கடைசியில் எத்தனை டன் இருக்கிறது என்பதை.

நண்டு விலை 7.8 லட்சம் கூடுதல் தந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரத்து குறைந்ததும் விலை ஏறியதும் தனித்தனி நல்லது கெட்டது இல்லை, இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகம். கடலில் படகு குறைந்தால் ஏலத்தில் விலை ஏறும், நீங்கள் வாங்கும் விலையும் சேர்ந்து ஏறும். உங்கள் தாளில் கொள்முதல் விலை 420-லிருந்து 485 ஆகியிருக்கிறது. விற்பது 60 ரூபாய் ஏறியது, வாங்குவது 65 ரூபாய் ஏறியது. கிலோவுக்கு 80 ரூபாய் நின்ற இடத்தில் 75 ரூபாய்தான் நின்றது. இலக்கின்படி நண்டில் 12 லட்சம் நின்றிருக்க வேண்டும், நின்றது 9.75 லட்சம். விற்பனை வித்தியாசக் குறிப்பில் லாபக் கணக்கு எழுத வேண்டிய கட்டாயம் இல்லைதான். ஆனால் "விலையால் 7.8 லட்சம் சாதகம்" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் படிப்பவர் சந்தோஷப்படுவார், அந்தச் சந்தோஷம் பொய். அரை வரி சேர்த்துவிடுங்கள்.

இனி மீன். மொத்த வித்தியாசம் 20 ஆயிரம் ரூபாய்தான், குறிப்பில் ஒரு வரிக்கு மேல் தகாது. ஆனாலும் உள்ளே போய்ப் பார்த்தேன், நீங்கள் கார்த்திகையைக் காரணமாகச் சொல்லியிருந்ததால். கேட்கும்போது நம்பும்படிதான் இருக்கிறது. நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்ததும் மாலை போடுபவர்கள் மீனை நிறுத்துவார்கள், சராசரி விலையும் 150-லிருந்து 140 ஆகியிருக்கிறது. ஆனால் சராசரி விலை ஒரு பொருளின் விலை இல்லை. உங்கள் மீன் வரிக்குள் சங்கராவும் சூடையும் இருக்கின்றன. இலக்கில் சங்கரா 10 டன் 250 ரூபாய்க்கு, சூடை 20 டன் 100 ரூபாய்க்கு. விற்றது சங்கரா 8 டன் 248 ரூபாய்க்கு, சூடை 24 டன் 104 ரூபாய்க்கு. சங்கரா விலை 2 ரூபாய் இறங்கியது, சூடை விலை 4 ரூபாய் ஏறியது. விலை எங்கேயும் பெரிதாக விழவில்லை. விலையுயர்ந்த மீன் குறைந்து மலிந்த மீன் கூடியதால் சராசரி தானாக இறங்கியது.

இரண்டு மீனையும் தனித்தனி வரியாகப் போட்டு அதே சூத்திரத்தை ஓட்டுங்கள். அளவால் சங்கராவில் 5 லட்சம் குறைவு, சூடையில் 4 லட்சம் கூடுதல். விலையால் சங்கராவில் 16 ஆயிரம் குறைவு, சூடையில் 96 ஆயிரம் கூடுதல், நிகரமாக 80 ஆயிரம் கூடுதல். மொத்தம் அதே 20 ஆயிரம் குறைவு. ஆனால் முன்பு விலையால் 3.2 லட்சம் குறைவு என்று தெரிந்தது, இப்போது விலையால் 80 ஆயிரம் கூடுதல் என்று குறியே மாறிவிட்டது. ஒரு வரியில் விலை வித்தியாசம் தெரிந்தால் அந்த வரிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருக்கிறதா என்று பார்க்காமல் காரணம் எழுதாதீர்கள். கணவாயிலும் தரம் வாரியாக இதே ஆபத்து உண்டு, டாலர் விலை மாறாததால் இந்த மாதம் தப்பித்தீர்கள்.

இன்னொன்று. கார்த்திகை விலையை உண்மையிலேயே இறக்கியிருந்தாலும் அதை எதிர்பாராத காரணமாக எழுதுவது சரியில்லை. அது எல்லா வருஷமும் வருகிறது. அதேபோல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் எல்லா வருஷமும் வருகிறது. வருஷ இலக்கை 12-ஆல் வகுத்து மாத இலக்காக வைக்கும் கம்பெனிகளில் மே மாதக் குறிப்பில் ஒவ்வொரு வருஷமும் "தடைக்காலம் காரணமாக" என்ற வரி நகலெடுக்கப்படும். அது இலக்குப் போட்டதில் உள்ள குறை, விற்பனையின் குறை இல்லை. உங்கள் இலக்கில் நாள் கணக்கு இருக்கிறது, நல்ல விஷயம். நவம்பருக்கு 15 நாள் என்பது மழைக்காலத்துக்கு ஒத்துவருமா என்பதை மட்டும் பழைய ரிஜிஸ்டர்களை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். போன வருஷங்களிலும் நவம்பரில் 11, 12 நாள்தான் என்றால், இந்த 20 லட்சத்தில் பெரும்பகுதி புயலின் கணக்கில் போகாது, இலக்கின் கணக்கில் போகும்.

சரி, இப்போது எழுதலாம். முதல் வரியில் மொத்தம், இரண்டாவது வரியில் தள்ளிப்போனதைக் கழித்த உண்மைக் குறைவு, அப்புறம் நிகரக் குறைவு பெரிதாக உள்ள பொருளிலிருந்து தொடங்கிக் காரணங்கள், ஒவ்வொன்றுடனும் ரூபாய். கடைசியில் அடுத்த மாதம் என்ன ஆகும், மேலாளர் எதை முடிவு செய்ய வேண்டும். நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"நவம்பர் விற்பனை 159.6 லட்சம், இலக்கு 200 லட்சம், குறைவு 40.4 லட்சம் (20.2%).

இதில் 32.0 லட்சம் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. 8 டன் கணவாய் கன்டெய்னர் டிசம்பர் 2-இல்தான் கப்பல் ஏறியது, டிசம்பரில் 33.6 லட்சமாக (விற்ற விலையில்) பதிவாகும். இதை நீக்கினால் உண்மைக் குறைவு 8.4 லட்சம் (4.2%).

கணவாய்: அதே கன்டெய்னர் 2 டன் குறைவாக நிரம்பியதால் 8.0 லட்சம் குறைவு. மாற்று விகிதத்தால் 2.0 லட்சம் கூடுதல், டாலர் விலையில் மாற்றமில்லை.

நண்டு: 15 நாளுக்குப் பதில் 11 நாள் மட்டுமே வரத்து, 20.0 லட்சம் குறைவு. தேவிபட்டினம் கொள்முதலால் 10.0 லட்சம் ஈடானது. விற்பனை விலையால் 7.8 லட்சம் கூடுதல், ஆனால் கொள்முதல் விலையும் ஏறியதால் கிலோவுக்கு நிற்பது 80 ரூபாயிலிருந்து 75 ரூபாயாகக் குறைந்தது.

உள்ளூர் மீன்: இலக்கை ஒட்டியே (0.2 லட்சம் குறைவு). சங்கரா குறைந்து சூடை கூடியது.

டிசம்பர் விற்பனையில் நவம்பர் கன்டெய்னரின் 33.6 லட்சம் சேர்ந்திருக்கும், டிசம்பர் இலக்கில் அது இல்லை. முடிவு தேவை: தேவிபட்டினம் கொள்முதலைத் தொடர்வதா, ஜனவரிக்கு நண்டு நாள் ஊகத்தை மாற்றுவதா."

கூட்டிப் பாருங்கள்: 8 குறைவு, 2 கூடுதல், 20 குறைவு, 10 கூடுதல், 7.8 கூடுதல், 0.2 குறைவு. மொத்தம் 8.4 குறைவு. மேலாளர் முதலில் செய்யப்போவதும் இந்தக் கூட்டலைத்தான். குறிப்பில் உள்ள எண்கள் மொத்தத்தோடு இடித்தால் மீதியை அவர் படிக்க மாட்டார்.

"தேவிபட்டினம் கொள்முதலால்" என்று இவ்வளவு உறுதியாக எழுதியிருப்பதை மட்டும் அனுப்புவதற்கு முன் சரிபாருங்கள். அந்த ஏஜென்ட்டிடம் எடுத்த கிலோவைத் தனியே கூட்டினால் 2 டன்னை ஒட்டி வர வேண்டும். அரை டன்தான் வருகிறது என்றால் மீதி பழைய இடங்களிலேயே நாளொன்றுக்குக் கூடுதலாக வந்தது என்று அர்த்தம், அப்போது அந்த வரியை மாற்ற வேண்டும். பில் ஆஃப் லேடிங் நகல், ரிஜிஸ்டரில் அந்த 11 தேதிகள், ஏஜென்ட் வாரியான எடை மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்போடு அனுப்ப வேண்டாம், கேட்டால் கொடுங்கள். டிசம்பர் குறிப்பின் இரண்டாவது வரியில் இந்த 33.6 லட்சத்தை நீங்களே கழித்துக் காட்டிவிட வேண்டும். நல்ல எண் வரும் மாதத்தில் அந்த வரியை மறந்துவிட்டால், நவம்பரில் நீங்கள் எழுதியதையும் மேலாளர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.